ஆறரைக்குப் பச்சை வாளி: எங்கள் வீதியின் குப்பை அறிவித்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்தில் உள்ள எங்கள் வீதியில் எந்தக் குப்பையை எந்த நாளில் வெளியே வைக்க வேண்டும் என்று வீதிச் சங்கம் வெளியிட்ட படத்தின் கீழ் உள்ள வாசகம் இதுதான்:

"பச்சை: உக்கும் கழிவு. திங்கள், புதன், வெள்ளி காலை 6.30.
நீலம்: கடதாசி. செம்மஞ்சள்: பிளாஸ்டிக், பொலித்தீன். செவ்வாய் காலை 8.00.
கறுப்புப் பை: மிச்சம். வியாழன் காலை 6.30.
சிவப்பு: கண்ணாடி. கபிலம்: உலோகம். மாதத்தின் முதல் சனி காலை 8.00.
முதல் நாள் இரவு எதையும் வெளியே வைக்க வேண்டாம்."

அதைப் படித்துவிட்டு வீதியில் உள்ளவர்கள் கேட்டவற்றையும் எங்கள் பதில்களையும் கீழே தந்திருக்கிறோம்.

முன்பு எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வைத்தோம், வண்டியும் எடுத்துக்கொண்டு போனது. இப்போது எதற்கு இத்தனை நிறம்?

இந்த நிறங்களைச் சங்கம் தெரிவு செய்யவில்லை. மத்திய சுற்றாடல் அதிகார சபை நாடு முழுவதற்கும் வகுத்த ஒழுங்கு இது. பிள்ளைகள் கண்டியிலோ கொழும்பிலோ படித்தாலும் அங்கேயும் பச்சை என்றால் உக்கும் கழிவுதான். கறுப்புப் பை மட்டும் எங்கள் வீதியின் ஏற்பாடு.

2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்து பலர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அது சமவெளியில் இருந்த மேடு. மலையகத்தில் குப்பை கொட்டச் சமவெளி கிடைப்பது அரிது. கொட்டும் இடம் பெரும்பாலும் ஒரு சரிவு, அதற்குக் கீழே ஓர் ஓடை இருக்கும். அந்த ஓடை ஒரு பக்கம் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது, மறுபக்கம் மஸ்கெலியா ஓயா, கெசல்கமு ஓயா வழியாகக் களனிக்குப் போகிறது. களனியிலிருந்து அம்பத்தளையில் எடுக்கும் தண்ணீரைத்தான் கொழும்பு பெரும்பாலும் குடிக்கிறது.

வீட்டுக் குப்பையின் எடையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு, அந்தக் கழிவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். இந்த ஈரம் மற்றவற்றோடு கலந்தால் கடதாசி கெடுகிறது, பிளாஸ்டிக் அழுக்காகிறது, மேட்டிலிருந்து கறுப்பு நீர் கசிந்து ஓடைக்கு இறங்குகிறது. ஈரத்தை மட்டும் தனியே எடுத்துவிட்டால் மீதி எல்லாம் உலர்ந்த பொருள்தான். அதற்கு விலையும் உண்டு, அதை ஒரு மாதம் வீட்டில் வைத்திருக்கவும் முடியும். ஆகவே ஐந்து நிறத்தையும் ஒரே நாளில் பழக முடியாதவர்கள் பச்சையை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். மற்ற நான்கையும் பிறகு பழகிக்கொள்ளலாம்.

ஐந்து வாளி வாங்க வசதியில்லை. வைக்க இடமும் இல்லை.

வாங்க வேண்டியது ஒரே ஒரு வாளிதான், மூடி இறுக்கமாகப் பூட்டும் வாளி. பெயின்ட் வாளி கிடைத்தால் நன்றாகக் கழுவி அதையே பயன்படுத்தலாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பத்து லீட்டர் போதும், ஏனென்றால் வாரத்தில் மூன்று நாள் அது காலியாகிறது.

மற்ற நான்குக்கும் வெற்று உரப்பைகளே போதும். வாயில் அந்தந்த நிறத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டுங்கள், பின்கட்டில் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். கண்ணாடியும் உலோகமும் ஒரு வீட்டில் மாதத்துக்கு ஒரு சில துண்டுகள்தான் சேரும். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரு சிவப்புப் பை, ஒரு கபிலப் பை வைத்துக்கொண்டாலும் எங்களுக்குச் சம்மதம்.

நிறம் மட்டும் போதாதா? பையில் பெயரும் எழுது, படமும் ஒட்டு என்கிறீர்களே.

போதாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத கண்கள் பலருக்கு உண்டு, பெண்களை விட ஆண்களிடம் அது மிக அதிகம். அவர்களுக்குப் பச்சை, சிவப்பு, கபிலம், செம்மஞ்சள் ஆகிய நான்கும் ஒன்றுபோலத் தெரியலாம். நம் ஐந்து நிறங்களில் நீலம் ஒன்றுதான் அவர்களுக்குத் தெளிவு. பலருக்குத் தங்களுக்கு அப்படிப்பட்ட கண் என்பதே தெரியாது. அதனால் வாளி மூடியிலும் பைகளிலும் பெரிய எழுத்தில் "உக்கும்", "கடதாசி" என்று எழுதுங்கள். சிங்களம் மட்டும் வாசிப்பவரும் எழுத்தே தெரியாத பாட்டியும் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு கரட், ஒரு போத்தல் என்று படமும் வேண்டும். மழையிலும் வெயிலிலும் துணியின் நிறம் சில மாதங்களில் வெளிறிவிடும், எழுத்து நிற்கும்.

பச்சை வாளியில் என்னதான் போடலாம்? மாமியார் ஒன்று சொல்கிறார், பக்கத்து வீட்டு அக்கா வேறொன்று சொல்கிறார்.

மரக்கறித் தோல், லீக்ஸ் தாள், கோவாவின் வெளி இலை, பழத்தோல், மிஞ்சிய சோறும் கறியும், தேயிலைச் சக்கை, முட்டைக் கோது, தேங்காய்த் துருவல் சக்கை, மீன் தலை, எலும்பு, வாடிய பூ, வாழையிலை ஆகியவை எல்லாம் பச்சைதான். மீனையும் எலும்பையும் வண்டிக்குக் கொடுக்கலாம். வீட்டுக் கூட்டெருப் பெட்டியில்தான் அவற்றைப் போடக் கூடாது. மாமியாரும் அக்காவும் அநேகமாக இந்த இரண்டைப் பற்றித்தான் வாதாடியிருப்பார்கள், இருவர் சொன்னதும் சரி.

போடக் கூடாதவற்றில் முதலாவது பொலித்தீன் பை. கழிவைச் சொப்பிங் பையில் கட்டி அப்படியே வாளிக்குள் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூட்டெரு முற்றத்தில் ஒருவர் கையால் அதைக் கிழித்துக் கொட்ட வேண்டியிருக்கிறது. கிழித்த துண்டுகள் எருவோடு கலந்து விவசாயியின் நிலத்துக்குப் போகின்றன, எருவை வாங்கியவர் அடுத்த தடவை வாங்க மாட்டார். கீரைக்கட்டின் இறப்பர் வளையம், அப்பிளில் ஒட்டிய ஸ்டிக்கர், தேயிலைப் பையின் ஸ்டேப்பிள் கம்பி ஆகியவற்றையும் கழற்றிவிடுங்கள். பொரித்த எண்ணெயை ஊற்ற வேண்டாம். சிரட்டை உக்க ஆண்டுக்கணக்காகும், அதையும் இதில் போட வேண்டாம். அடுப்பெரிக்க வைத்திருப்பவர்கள் கவிழ்த்து வையுங்கள். நிமிர்ந்து கிடக்கும் சிரட்டையில் மழைநீர் நின்றால் டெங்கு நுளம்புக்கு அது போதும்.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். கறியின் குழம்பை, சோற்றுக் கஞ்சியை, தேநீரின் அடித்தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சக்கையை வாளிக்குள் போட வேண்டும். கழுவு தொட்டியின் மூலையில் ஒரு பழைய வடிதட்டை வைத்து இரவு முழுதும் அதில் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

மூடி போட்டும் இரண்டாம் நாளே நாற்றம் வருகிறது. இந்தக் குளிரிலுமா?

குளிர் அழுகுவதைத் தாமதப்படுத்தும், ஆனால் ஈரமான கழிவு காற்றில்லாமல் அடைபட்டுக் கிடந்தால் நாற்றம் வந்தே தீரும். காற்று இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தான் புளித்த நாற்றத்தையும் கெட்ட முட்டை நாற்றத்தையும் உண்டாக்குகின்றன. உங்கள் வாளியின் அடியில் ஒரு விரல் அளவு கறுப்பு நீர் நின்றால் காரணம் அதுதான்.

வாளியின் அடியில் மடித்த பத்திரிகைத் தாளை இரண்டு மூன்று போடுங்கள். ஒவ்வொரு தடவை கழிவு போட்ட பிறகும் ஒரு கைப்பிடி உலர்ந்த இலை அல்லது மரத்தூளைத் தூவுங்கள். கிரவிலியா மரத்தின் கீழே விழுந்து கிடக்கும் உலர்ந்த இலை இதற்கு மிக நல்லது, அதைக் கோடையில் ஒரு பை நிறையச் சேர்த்து வைத்துவிட்டால் மழைக்காலம் முழுதும் வரும். வாளியை வண்டிக்குக் கொடுத்த பின் கழுவி, தலைகீழாக வைத்து உலர்த்துங்கள். ஈர வாளிக்குள் மறுபடி போடுகிறவர்களுக்கு எந்த மருந்தும் பலிக்காது.

நான் அதிகாலை ஐந்து மணிக்கே வேலைக்குப் போகிறேன். முதல் நாள் இரவே வைத்தால் என்ன?

இரவில் வைத்த பையை முதலில் தெருநாய் கிழிக்கிறது, தேயிலை மலையை ஒட்டிய பக்கங்களில் காட்டுப்பன்றியும் இறங்குகிறது. பயப்பட வேண்டியது அதற்கு அடுத்ததற்கு. நாய்கள் கூடும் இடத்தைத் தேடிச் சிறுத்தை வரும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தைகள் வாழ்கின்றன, நாய் அவற்றுக்கு எளிதாகக் கிடைக்கும் இரை. விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களும் ரியூஷனுக்குப் போகும் பிள்ளைகளும் நடக்கும் அதே பாதையில்தான் இந்தப் பைகளும் கிடக்கின்றன. "இரவு வைக்க வேண்டாம்" என்ற வரியைத் தனியே போட்டதற்குக் காரணம் இதுதான்.

உங்களைப் போல் நேரத்தோடு புறப்படுகிறவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. பக்கத்து வீட்டாரிடம் மூடிய வாளியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். இல்லாவிட்டால் கேற்றின் உட்புறத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கொக்கி அடித்து வாளியை மாட்டி, பழைய சைக்கிள் டியூப் துண்டால் மூடியை இறுக்கிக் கட்டுங்கள். நாய் எட்டாது, மழையும் இறங்காது. தொழிலாளர் கைவிட்டு எடுத்து, காலியாக்கி மாட்டிவிட்டுப் போவார். வெறும் பையை மட்டும் அப்படி மாட்ட வேண்டாம், காகம் விடாது.

ஆறரை என்று போட்டிருக்கிறீர்கள், எங்கள் வீட்டுக்கு ஏழு மணிக்குத்தானே வருகிறது?

ஆறரை என்பது வீதியின் மேல் முனைக்கு வண்டி வரும் நேரம். டிரக்டர் காலியாக மேலே ஏறி, நிரம்பிக்கொண்டே கீழே இறங்குகிறது. நிரம்பிய பெட்டியோடு இந்த ஏற்றத்தில் ஏறுவது ஆபத்து, அதனால்தான் இந்த ஒழுங்கு. கீழ் வளைவில் உள்ள வீடுகளுக்குப் பெரும்பாலும் ஏழு மணிக்கு வரும். பாடசாலை பஸ் வருவதற்குள் வண்டி பிரதான வீதியை விட்டு விலக வேண்டும், அதனால் திரும்ப மேலே வராது. கீழே இருப்பவர்கள் 6.45க்கு வைத்தால் போதும்.

எங்கள் பையை மட்டும் எடுக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். என்ன குற்றம்?

இப்படி விடப்பட்ட ஒரு செவ்வாய்க்கிழமைப் பையை வீட்டுக்காரரின் சம்மதத்தோடு அவர் வாசலிலேயே பிரித்துப் பார்த்தோம். செம்மஞ்சள் துணி கட்டிய பை. உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம், அநேகமாக உங்கள் பையும் இப்படித்தான் இருக்கும்.

மேலே சோடாப் போத்தல்கள் மூன்று, நன்றாக இருந்தன. மூடியைக் கழற்றி, போத்தலை நசுக்கி, மூடியையும் அதே பையில் போட்டிருந்தால் இடம் மிச்சமாகியிருக்கும், அவ்வளவுதான் குறை. அடுத்தது சலவைத் திரவப் போத்தல், அதுவும் எடுக்கக்கூடியது. அதன் கீழே தயிர்க் கோப்பைகள் சில, உள்ளே தயிர் காய்ந்து பூஞ்சணம் பிடித்திருந்தது. கழுவியிருந்தால் எடுத்திருப்பார்கள். இதற்கு நல்ல தண்ணீரைச் செலவழிக்க வேண்டாம், பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் ஓர் அலசு போதும், பிறகு கவிழ்த்து வைத்தால் காய்ந்துவிடும்.

அதற்கும் கீழே பால்மாப் பொதிகளும் பிஸ்கட் உறைகளும் இருந்தன. பலரும் இவற்றைப் பிளாஸ்டிக் என்றே நினைக்கிறார்கள். உள்ளே வெள்ளியாக மினுங்கும் இந்த உறைகள் பல படைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தவை, பிரித்தெடுத்து மீண்டும் உருக்குவது மிகவும் கடினம். சேகரிப்பவர் இவற்றை வாங்க மாட்டார், ஆகவே கறுப்புப் பைக்குத்தான் போக வேண்டும். வெள்ளியாகத் தெரியும் எதைப் பற்றியாவது சந்தேகம் வந்தால் கையில் கசக்கிப் பாருங்கள். கசக்கியபடியே நின்றால் அது அலுமினியத் தாள், துடைத்துவிட்டுக் கபிலத்தில் போடலாம். விரிந்து பழைய நிலைக்கு வந்தால் கறுப்பு.

அடியில் இருந்தது லஞ்ச் ஷீட்டில் சுற்றிய பகல் சாப்பாட்டின் மிச்சம். பையைத் திரும்ப வைத்துவிட்டுப் போனதற்குக் காரணம் இந்த ஒரே பொதிதான். குழம்பு கசிந்து கீழே இருந்த அரைவாசிப் பொருளை நனைத்திருந்தது. சோறு பச்சைக்குப் போயிருக்க வேண்டும், தாள் கறுப்புக்குப் போயிருக்க வேண்டும். லஞ்ச் ஷீட் 2017 செப்டம்பர் முதலே தடை செய்யப்பட்டது, ஆனாலும் சில கடைகளில் இன்னும் கிடைக்கிறது. கடைக்காரரிடம் வாழையிலை கேளுங்கள், அல்லது சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுபோங்கள்.

அந்தப் பையைப் பிரித்து அடுக்கி முடித்தபோது செம்மஞ்சளில் நிற்கக்கூடியவை அரைப்பை நிறைய இருந்தன. அடுத்த செவ்வாய் எந்தத் தடையும் இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

கடதாசி ஈரமானால் என்ன? உலர்ந்துவிடுமே.

நனைந்த கடதாசியின் நார்கள் தளர்ந்துவிடும், பூஞ்சணமும் பிடிக்கும். வாங்குபவர் எடையைப் பார்த்துப் பணம் கொடுப்பதால் நனைந்த கட்டைத் தொடவே மாட்டார். இங்கே மூன்று நாள் மூடுபனி இருந்தால் மழையில்லாமலே கடதாசி ஈரமாகிவிடும். அதனால் நீலப் பையை வெளிச்சுவரில் தொங்கவிடாமல் அடுப்படியின் மேல் தட்டில் வையுங்கள். மழை பெய்யும் செவ்வாயில் கொடுக்கவே வேண்டாம், அடுத்த வாரம் கொடுக்கலாம்.

எண்ணெய் ஊறிய கொத்துரொட்டிப் பெட்டி நீலத்துக்கு ஆகாது, கிழித்துப் பச்சையில் போடுங்கள். வங்கி இயந்திரத்திலும் கடையிலும் கொடுக்கும் வழுவழுப்பான பற்றுச்சீட்டு கடதாசி போலத் தோன்றினாலும் இரசாயனப் பூச்சு உடையது, அது கறுப்புக்கு. பால், சாறு வரும் பிளாஸ்டிக் பூசிய பெட்டிகளும் அப்படியே.

வீட்டிலேயே கூட்டெரு போடுகிறோம். அப்படியென்றால் பச்சை வாளி தேவையில்லைதானே?

மிக நல்லது. ஆனால் வாளியைக் கைவிட வேண்டாம். மீன், இறைச்சி, எண்ணெய்க் கறி ஆகியவற்றை வீட்டுப் பெட்டியில் போட்டால் எலியும் பன்றியும் வரும். அவற்றுக்கு வாளி வேண்டும்.

தாழ்நிலத்தில் மூன்று மாதத்தில் எரு கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு இங்கே பெட்டியைத் திறந்து பார்த்து மனம் சோர்கிறவர்கள் பலர். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். சிறிய பெட்டியில் உள்ளே உண்டாகும் சூடு வெளியே கசிந்துவிடும், ஆகவே ஐந்து ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும். சூடு தங்க வேண்டுமானால் குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீற்றராவது இருக்க வேண்டும். அப்படிப்பட்ட குவியலின் நடுவில் 55 பாகைக்கு மேல் சூடேறும், களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து ஒரே குவியல் போடுவது எங்களுக்கு மிகவும் விருப்பமான யோசனை.

மலையில் கூட்டெருவுக்குப் பெரிய எதிரி மழை. பெட்டிக்கு மேலே ஒரு தகரத் துண்டாவது கட்டாயம் வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஒன்றிரண்டு துளி மட்டும் கசிந்தால் ஈரம் சரி. விரல் இடுக்கால் ஒழுகினால் உலர்ந்த இலையோ கிழித்த அட்டைப் பெட்டியோ போட்டுக் கிளற வேண்டும். பிழிந்த உருண்டை நொறுங்கிப்போனால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். அளவு தெரியாதவர்கள் ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு வாளி உலர்ந்த இலை என்று வைத்துக்கொள்ளலாம். மூக்கை எரிக்கும் நெடி வந்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, கெட்ட முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் போதவில்லை. இரண்டுக்கும் உலர்ந்த இலையும் கிளறுதலும்தான் மருந்து. பைன், சைப்ரஸ் இலைகள் மட்டும் உக்க மிகவும் தாமதிக்கும், அவற்றைக் குறைவாகப் போடுங்கள்.

எரு ஆகிவிட்டதா என்பதை மண் வாசம் சொல்லும். உள்ளே கைவிட்டால் சூடு இருக்காது, போட்டது எது என்று அடையாளமும் தெரியாது. முட்டைக் கோது மட்டும் தெரியலாம், பரவாயில்லை. அதற்கு முன்னதாகவே எடுத்துக் கரட் பாத்திக்குப் போட்டால் நாற்று மஞ்சளாகும்.

பொலித்தீனை மட்டும் பின்தோட்டத்தில் எரித்துவிட்டால் எல்லாருக்கும் வேலை மிச்சமல்லவா?

வேண்டாம். பிளாஸ்டிக் சேர்ந்த குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 செப்டம்பர் 1 முதல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்த் தடை செய்யப்பட்டிருக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நம் ஊரின் அமைப்பு இதற்கு ஒவ்வாது. குளிர்ந்த காலையில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் படிந்து நிற்கும், புகை மேலே எழும்ப வழியிருக்காது. நீங்கள் எரித்தது கீழே உள்ள வீடுகளின் கூரைமட்டத்திலேயே வெயில் ஏறும் வரை நிற்கும். பிவிசி குழாய்த் துண்டோ மின்கம்பி உறையோ எரிந்தால் டயொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். சளி இழுக்கிற குழந்தைகள் உள்ள வீடுகளிலிருந்துதான் இந்த முறைப்பாடு எங்களுக்கு அதிகம் வருகிறது.

ஒரு சொப்பிங் பை வடிகானுக்குள் போனதற்கா இவ்வளவு கோபம்?

ஆம். வீதியோர வடிகான் வெறும் சாக்கடை இல்லை, சரிவு நனையாமல் காப்பதற்காக வெட்டியது. மதகின் வாயில் இரண்டு மூன்று பைகள் அடைத்துக்கொண்டால் பெருமழையில் தண்ணீர் வீதியைத் தாண்டி கீழே உள்ள மண்வெட்டுச் சரிவுக்குள் இறங்கும். ஊறிய மண் கனத்துப் பிடிப்பை இழக்கிறது, சரிவு விடுகிறது. சரிவின் கீழே வீடுகள் இருக்கின்றன. மழைக்காலம் தொடங்குமுன் வடிகானைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது வர வேண்டும் என்று கேட்பதும் இதனால்தான்.

நாங்கள் வீதிக்கு மேலே தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். எங்களுக்கு வண்டி வராதா?

தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை செலவு செய்ய 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நீண்ட காலம் தடையாக இருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது, இப்போது சேவை கேட்க உங்களுக்கு இடம் உண்டு. ஆனாலும் டிரக்டர் ஏற முடியாத பாதைகள் பல. வண்டி வரத் தொடங்கும் வரை லயத்துப் பக்கம் உள்ளவர்கள் செவ்வாயும் முதல் சனியும் தங்கள் உலர்ந்த பைகளை எங்கள் வீதியின் மேல் முனைக்குக் கொண்டுவந்து வைக்கலாம், சங்கத்தில் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. உக்கும் கழிவை அவ்வளவு தூரம் சுமக்க வேண்டாம், அங்கேயே குழியில் போட்டு மண் மூடலாம். குழியை ஓடையிலிருந்தும் குடிநீர் ஊற்றிலிருந்தும் விலக்கி, ஊற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வெட்டுங்கள். தோட்டத் தலைவர்களும் நாங்களும் சேர்ந்து எழுதிக் கேட்டால் சபைக்கு மறுப்பது கடினம், அந்தக் கடிதத்தை எழுத நாங்கள் தயாராக இருக்கிறோம்.

மரக்கறித் தோட்டத்துக்கு அடித்த மருந்துப் போத்தல்?

எந்த நிறத்திலும் போடக் கூடாது. காலியானவுடன் மூன்று தடவை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் தாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள், வடிகானில் ஊற்ற வேண்டாம். போத்தலின் அடியைத் துளைத்துவிடுங்கள். அப்போதுதான் யாரும் அதில் மண்ணெண்ணெயோ குடிதண்ணீரோ வைக்க மாட்டார்கள். தனியே ஒரு பையில் பூட்டி வைத்து, வாங்கிய கடையிலும் விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டு ஒப்படையுங்கள்.

பம்பர்ஸ், மாதவிடாய்த் துவாய், ஊசி, பல்ப் எல்லாம் எங்கே?

பம்பர்ஸையும் துவாயையும் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் வைக்கலாம், மலசலகூடத்தில் போட்டால் குழாய் அடைக்கும். இன்சுலின் ஊசியைப் பையில் போடவே வேண்டாம். கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, மூடியை இறுக்கி, கிளினிக் போகும்போது மருத்துவமனையில் கேட்டுக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியைப் பழைய டின்னுக்குள் போட்டு, டின்னின் மேல் "கண்ணாடி" என்று எழுதிச் சிவப்பில் வையுங்கள். நம் குப்பையை எடுப்பவர்கள் பலர் கையுறை இல்லாமல் வேலை செய்கிறார்கள், கை கிழிந்தால் அன்றைய சம்பளமும் போய்விடும். சுருள் பல்புகளில் பாதரசம் இருக்கிறது, அவற்றையும் மின்கலங்களையும் பழைய தொலைபேசிகளையும் உடைக்காமல் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். இலத்திரனியல் கழிவு சேகரிக்கும் நாள் அறிவிக்கப்பட்டதும் தெரிவிப்போம்.

நாங்கள் கஷ்டப்பட்டுப் பிரிக்கிறோம், வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்களே?

நியாயமான கேள்வி. நாளைப் பிரித்துப் போட்டதே இதற்காகத்தான். திங்கள் வரும் பெட்டியில் உக்கும் கழிவு மட்டும் இருக்க வேண்டும், செவ்வாய் வருவதில் உலர்ந்தது மட்டும். செவ்வாயன்று நீலமும் செம்மஞ்சளும் ஒரே பெட்டியில் ஏறுவது உண்மை, ஆனால் பைகளின் வாய் கட்டியிருந்தால் இறக்கும் இடத்தில் தனித்தனியாகவே எடுக்கிறார்கள். கட்டாத பைதான் சிந்திக் கலக்கிறது. பச்சையோடு வேறு எதையும் சேர்த்துக் கொட்டுவதைக் கண்டால் வண்டியில் இருப்பவரோடு சண்டை பிடிக்காதீர்கள், அவர் சொன்னபடி செய்கிறவர். திகதி, நேரம், வண்டி இலக்கம் மூன்றையும் குறித்துச் சங்கத்திடம் கொடுங்கள். நாங்கள் சபைச் செயலாளருக்கும் பொது சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்தில் அனுப்பி, பதிலை அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம்.

போயா தினத்திலும் மழை நாளிலும் வண்டி வருமா?

போயாவிலும் அரச விடுமுறையிலும் வராது. அன்று பச்சை நாளாக இருந்தால் அடுத்த வேலை நாளில் அதே நேரத்துக்கு வரும், மற்ற நிறங்கள் அடுத்த முறைக்குத் தள்ளிப்போகும். மழை பெய்தாலும் வரும். மண்சரிவு எச்சரிக்கை விடுத்தாலோ பாதை அடைபட்டாலோ வராது. அப்போது பச்சை வாளியில் உலர்ந்த இலையைக் கூடுதலாகத் தூவி மூடி, வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். பாதை திறந்ததும் வண்டி வரும் நேரத்தைக் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வோம்.